டிரம் மாற்றியும் போகாத கோடு

ஓசூரிலிருந்து நண்பன் போன் செய்தான். ஜெராக்ஸ் கடை போடப்போகிறானாம், என்னுடையதைப் போலவே செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்கலாமா என்று கேட்டான். கேட்ட நாள் சரியில்லை. அந்த வாரம்தான் அதற்கு 2,900 ரூபாய் தண்டம் அழுதிருந்தேன்.

பெங்களூரு அல்சூரில் கடை வைத்து மூன்று வருடம் ஆகிறது. மெஷின் 48,000 ரூபாய். இதுவரை இரண்டரை லட்சம் காப்பிக்கு மேல் ஓடிவிட்டது. மழைக்காலத்தில் பேப்பர் நமத்துப்போய்ச் சிக்குவதைத் தவிர பெரிதாகப் படுத்தியதில்லை. நல்ல மாடு மாதிரி உழைக்கிறது.

ஆனால் அந்தக் கோடு! ஒரு பையன் அறுபது பக்க ப்ராஜெக்ட்டை நகலெடுக்கக் கொடுத்தான். ஒவ்வொரு தாளிலும் மேலிருந்து கீழ்வரை தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு. மெக்கானிக் மூடியைக்கூடச் சரியாகத் திறக்காமல் "டிரம் போச்சு சார்" என்றார். தாளில் மையைப் பதிக்கும் உருளை அது. மாற்றினோம். கோடு அப்படியே இருந்தது. அடுத்து, மையைச் சூட்டில் ஒட்டவைக்கும் ஃப்யூசராக இருக்கலாம் என்றார். போதும் சாமி என்று அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் ஓர் அம்மாவின் ஆதார் கார்டைக் கண்ணாடியில் வைத்து எடுத்தேன். கோடு இல்லை. தாள்களை மேலே அடுக்கிவைத்து மெஷினையே இழுக்கவிட்டால் மட்டும்தான் வருகிறது. அப்போதுதான் பொறி தட்டியது. பெரிய கண்ணாடிக்கு இடப்பக்கம் விரல் அகலத்துக்கு இன்னொரு கண்ணாடிப் பட்டை உண்டு. மேலிருந்து போகும் தாள் அதன்மேல்தான் ஓடும், அடியில் இருக்கும் விளக்கு அசையாது. அதனால் அங்கே ஒட்டிய தூசி பக்கம் முழுக்கக் கோடாக இழுபடும். அதே தூசி பெரிய கண்ணாடியில் இருந்தால் வெறும் புள்ளிதான். குனிந்து பார்த்தால், கடுகில் பாதி அளவுக்குக் காய்ந்த ஒயிட்னர். யாரோ அப்ளிகேஷனில் பூசி, காயுமுன் கொடுத்தது. ஈரத்துணியால் ஊறவைத்து நகத்தால் சுரண்டினேன், போய்விட்டது. கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்ட் கொடுத்தாலும் கோடு விழுந்தால்தான் டிரம்மைச் சந்தேகப்பட வேண்டும். இந்த ஒரு நிமிடச் சோதனையை மெக்கானிக்கும் செய்யவில்லை, நானும் செய்யவில்லை.

வருமானமா? ஒரு காப்பி 2 ரூபாய். பேப்பர், டோனர், கரண்ட் போக ஒரு ரூபாய் மிஞ்சினால் அதிகம். கடை வாடகையைக் கட்டுவது ஆன்லைனில் ஃபார்ம் நிரப்பிக் கொடுக்கும் வேலைதான். கன்னடம் சரளமாகப் பேசினாலும் படிக்கத் தெரியாத நம்மவர்கள் இங்கே நிறைய. கர்நாடக அரசின் சேவா சிந்து இணையதளத்தில் சாதி, வருமானச் சான்றிதழ், பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப் என்று வருவார்கள். பிரிண்டோடு சேர்த்து 60 ரூபாய் வாங்குகிறேன். ஆதாரிலும் மார்க்ஸ் கார்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவேன்; இல்லையென்றால் ஃபார்ம் திரும்பி வரும், சண்டையும் வரும். அறுபது காப்பி போட்டுச் சம்பாதிப்பதை இதில் இருபது நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

அதனால் நண்பனிடம், "பெரிய மெஷின் வேண்டாம்டா, ஒரு சின்ன பிரிண்டரும் கம்ப்யூட்டரும் வைத்து ஃபார்மில் ஆரம்பி" என்றேன்.

"அப்போ உன் மெஷினை எனக்குக் கொடுத்துடு" என்றான்.

அதெல்லாம் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.