பின்னேரம் எழும்பும், இரவில் எழும்பாது: வேக்-ஒன்-லேனோடு மூன்று வருடம்

எங்கள் ஒபிஸ் கொழும்பு கோட்டையில். சரக்குக் கப்பல் வேலை. மூன்று மாடி, எழுபது கணினி வரும். நான் இருப்பது வெள்ளவத்தையில். 2022இல் பெற்றோல் வரிசையும் கரண்ட் வெட்டுமாகக் கிடந்த நாட்களில் பாதிப்பேர் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து ஆறு மணிக்குப் பிறகு எனக்கு ஒரே மாதிரியான கோல்தான் வரும்: "அண்ணா, என்ர மெசின் ஓஃப். உள்ளுக்குப் போக ஏலாம இருக்கு."

விபிஎன் வழியாக நான் ஒபிஸ் நெட்வேர்க்குக்குள் போய்விடுவேன். அணைந்து கிடக்கும் கணினிக்குள் எப்படிப் போவது? செக்யூரிட்டி ஐயாவைத்தான் எழுப்ப வேண்டும். அவர் டோர்ச்சோடு மூன்றாம் மாடி ஏறுவார். ஜன்னல் பக்கமிருந்து இரண்டாவது மேசை என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்வேன். அவர் வாசல் பக்கமிருந்து இரண்டாவதை அமத்திவிட்டுக் கீழே இறங்கிவிடுவார். திரும்பவும் ஏறச் சொல்ல வாய் வராது.

சரி, அணைந்த கணினியை நெட்வேர்க் வழியாகவே எழுப்பும் வேக்-ஒன்-லேன் போடுவோம் என்று இறங்கினேன். விஷயம் சின்னது. மெஜிக் பக்கெட் என்பது ஆறு தடவை FF, அதன் பின்னால் கணினியின் நெட்வேர்க் கார்டுக்கே உரிய மெக் முகவரி பதினாறு தடவை, மொத்தம் 102 பைட். கணினி அணைந்திருந்தாலும் அதன் நெட்வேர்க் கார்டுக்கு மட்டும் சொட்டுக் கரண்ட் போய்க்கொண்டிருக்கும். தன் மெக் முகவரி அப்படி வரிசையாக வருவதைக் கண்டால் அது போர்டை எழுப்பிவிடும். பக்கெட் எந்த ஐபிக்கு வந்தது, எந்தப் போர்ட்டுக்கு வந்தது என்பதெல்லாம் அதற்குக் கவலையில்லை. யூடிபி 9 என்பது வெறும் வழக்கம்தான்.

எங்கள் நெட்வேர்க் வீலேன் என்ற தனித்தனித் துண்டுகளாகப் பிரிந்தது. ஒரே வீலேனுக்குள் இது முதல் நாளே வேலை செய்தது, ஏனென்றால் புரோட்காஸ்ட் எல்லாக் கார்டுக்கும் போய்ச்சேரும். ஆனால் எங்கள் சேர்வர் இருப்பது வீலேன் 5இல், கணக்குப் பிரிவு வீலேன் 30இல். புரோட்காஸ்ட் வீலேன் எல்லையைத் தாண்டாது. அதனால் நான் செய்தது, நிறையப் பேர் முதலில் செய்வதுதான். கணினியின் ஐபியையே கொடுத்து, 10.20.30.47க்கு நேராக அனுப்பினேன். பின்னேரம் ஆறு மணி, எல்லோரும் போன பிறகு சோதித்தேன். எழும்பியது. இன்னும் மூன்றைச் சோதித்தேன். மூன்றும் எழும்பின. அடுத்த நாள் மேலாளரிடம் "முடிஞ்சுது சேர்" என்று சொல்லியும் விட்டேன்.

அந்தக் கிழமையே இரவு பத்து மணிக்கு ஒரு கோல். அனுப்பினேன், எழும்பவில்லை. பத்துத் தடவை அனுப்பினேன், பத்துத் தடவையும் அப்படியே. பழையபடி செக்யூரிட்டி ஐயா.

இதில் இரண்டு கிழமை மண்டையை உடைத்தேன். எட்டு மணிக்குச் சிலது எழும்பும், சிலது எழும்பாது. பத்து மணிக்கு ஒன்றும் எழும்பாது. பயோஸைப் பார்த்தேன், டிரைவரை மாற்றினேன், கேபிளைக்கூட மாற்றினேன். கடைசியில் ஒரு இரவு, வீலேன்களை இணைக்கும் கோர் ஸ்விட்சில் `show ip arp 10.20.30.47` என்று கேட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. அந்த ஐபிக்குப் பதிவே இல்லை.

நேராக ஐபிக்கு அனுப்பினால், கோர் ஸ்விட்ச் அந்த ஐபிக்குரிய மெக் எது என்று தெரிந்தால்தான் பக்கெட்டைக் கடைசி எட்டுக்குத் தள்ளும். தெரியாவிட்டால் "இந்த ஐபி யாருடையது" என்று வீலேனில் கேட்கும். அணைந்து கிடக்கும் கணினி பதில் சொல்லாது. பக்கெட் அங்கேயே குப்பை. எங்களுடையது சிஸ்கோ; அதில் எந்த ஐபிக்கு எந்த மெக் என்று குறித்து வைக்கும் ஏஆர்பி பதிவின் ஆயுள் இயல்பாக நான்கு மணித்தியாலம். ஆனால் அந்த நான்கு மணித்தியாலம் கணினி அணைந்த நேரத்திலிருந்து எண்ணப்படுவதில்லை, அந்தப் பதிவு கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நேரத்திலிருந்துதான். ஐந்தரைக்கு அணைக்கப்பட்ட கணினி ஒன்றின் பதிவு ஐந்தே முக்காலுக்கும் அழியலாம், ஒன்பது மணிக்கும் அழியலாம். ஒன்பதரைக்குப் பிறகு ஒன்றும் மிஞ்சாது. நான் ஆறு மணிக்குச் சோதித்ததெல்லாம் ஸ்விட்சின் ஞாபகத்தைத்தான். இந்த முறையைச் சோதிப்பதென்றால் ஒரு முழு இரவு அணைத்து வைத்துவிட்டு, ஆட்கள் வருமுன் சோதியுங்கள். அல்லது ஏஆர்பி பதிவை வேண்டுமென்றே அழித்துவிட்டுச் சோதியுங்கள்.

ஏஆர்பி ஆயுளைக் கூட்டிவிடலாமே என்று ஒருவர் சொன்னார். வெள்ளி பின்னேரம் அணைத்த கணினியை ஞாயிறு எழுப்ப எத்தனை மணித்தியாலம் கூட்டுவது? டிஎச்சிபியில் ஐபி மாறிக்கொண்டிருக்கும் இடத்தில் அது வேறு தலையிடியாகவும் முடியும்.

முறையான வழி, போய்ச்சேரும் சப்நெட்டின் புரோட்காஸ்ட் முகவரிக்கு அனுப்புவது. வழியில் உள்ள ரவுட்டர்களுக்கு அது சாதாரண ஐபி மாதிரித்தான். கடைசி ரவுட்டர், எங்கள் இடத்தில் கோர் ஸ்விட்ச், அதை வீலேன் 30இல் புரோட்காஸ்டாக விரித்துவிடும். ஏஆர்பி தேவையில்லை. ஆனால் இது இயல்பாக மூடியிருக்கும். எங்கள் நெட்வேர்க்கைப் பராமரிக்கும் பொடியனிடம் திறக்கச் சொன்னபோது, "அது ஸ்மர்ஃப் அட்டாக்குக்கு வாசல் திறக்கிற மாதிரி அண்ணே, செய்ய மாட்டன்" என்றான். அவன் சொன்னதில் பிழையில்லை. தொண்ணூறுகளில் இந்த வழியாகத்தான் ஒரு பிங்கை அனுப்பி நூறு பதிலை வேறொருவன் தலையில் கொட்டினார்கள். ரவுட்டர்கள் இதை இயல்பாக மூடி வைக்க வேண்டும் என்று 1999இல் வந்த ஆர்எஃப்சி 2644 சொல்வதும் அதனால்தான். கடைசியில் இருவரும் பிளேன்டீ குடித்தபடி ஒத்துக்கொண்டது இது: ஒரே ஒரு சேர்வரிலிருந்து, யூடிபி 9 மட்டும்.

```
access-list 101 permit udp host 10.20.5.10 any eq 9
interface Vlan30
 ip directed-broadcast 101
```

பிங் இதற்குள் நுழையாது. என் மடிக்கணினியிலிருந்தும் அனுப்ப முடியாது. விபிஎன்னில் வந்து, அந்தச் சேர்வருக்குள் நுழைந்து, அங்கிருந்துதான் அனுப்புவேன். அனுப்பும் பக்கம் நாலு வரி பைதன்:

```
import socket
mac = bytes.fromhex("00005E00532A")
s = socket.socket(socket.AF_INET, socket.SOCK_DGRAM)
s.sendto(b"\xff"*6 + mac*16, ("10.20.31.255", 9))
```

முகவரியைப் பாருங்கள், 10.20.31.255. முதலில் நான் 10.20.30.255 என்றுதான் போட்டேன். எங்கள் வீலேன் 30 ஒரு /23, 30.0இலிருந்து 31.255 வரை ஒரே சப்நெட். அதற்குள் 30.255 என்பது யாருக்கும் கொடுக்கக்கூடிய சாதாரண ஐபி. ஸ்விட்ச் அதை ஏஆர்பியில் தேடி, காணாமல், பேசாமல் போட்டுவிட்டது. பிழைச்செய்தி ஒன்றும் வராது. அதே வீலேனில் விழித்திருக்கும் ஒரு கணினியில் வயர்ஷார்க்கைத் திறந்து `wol` என்று வடிகட்டிப் பார்த்தபோதுதான் ஒன்றுமே வந்து சேரவில்லை என்று தெரிந்தது. பக்கெட் வருகிறதா, வந்தும் கணினி எழும்பவில்லையா என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. வருவதைக் கண்ணால் கண்ட பிறகு நெட்வேர்க்கைக் குடைவதை நிப்பாட்டிவிட்டுக் கணினியைப் பார்க்கலாம்.

கணினிப் பக்கம் எங்களைப் படுத்தியவை இரண்டுதான். ஒன்று, விண்டோஸின் Fast Startup. அதோடு அணைக்கும்போது பல கார்டுகள் எழுப்பலுக்குத் தயாராகாமலே தூங்கிவிடுகின்றன. குரூப் பொலிசியில் எல்லாவற்றுக்கும் நிப்பாட்டினேன். மற்றது பயோஸில் Deep Sleep அல்லது ErP என்று இருக்கும் மின் சிக்கன வசதி. அது கார்டுக்குப் போகும் சொட்டுக் கரண்டையும் வெட்டிவிடும். இதற்கு ஒவ்வொரு மேசையாகப் போகத்தான் வேண்டியிருந்தது. மூன்று சனிக்கிழமை போனது.

இதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நிம்மதி. பத்துத் தடவை அனுப்பினால் ஒன்பது தடவை, இரண்டு நிமிடத்தில் ரிமோட் திரை வந்துவிடும்.

பிறகு 2025 பெப்ரவரி 9. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஏறி நாடு முழுக்கக் கரண்ட் போன ஞாயிறு. எங்கள் கட்டடத்து ஜெனரேட்டர் சேர்வர் அறையையும் லிஃப்டையும்தான் தாங்கும். மேசைக் கணினிகளுக்கு இல்லை. அன்றிரவு கரண்ட் வந்த பிறகு கணக்கு மென்பொருளைப் புதுப்பிக்க உட்கார்ந்தேன். சேர்வர் இருக்கிறது, ஸ்விட்ச் இருக்கிறது, பக்கெட் போகிறது, கணக்குப் பிரிவில் ஒன்றுகூட எழும்பவில்லை.

அந்த மாடி ஸ்விட்சில் `show interfaces status` கொடுத்துப் பார்த்தேன். வழக்கமாக அணைந்திருக்கும் கணினியின் போர்ட் இப்படித் தெரியும்:

```
Gi1/0/14   connected    30   a-full   a-10
```

கடைசியில் உள்ள `a-10`தான் அடையாளம். எழுப்பலுக்காகக் காத்திருக்கும் கார்டு கரண்டை மிச்சம் பிடிக்க 10 மெகாபிட்டுக்கு இறங்கி நிற்கும். (ஸ்விட்சில் வேகத்தை 1000 என்று பூட்டி வைத்தால் அது இறங்க இடமில்லாமல் லிங்க்கே விழுந்துவிடும். பூட்டாதீர்கள்.) அன்றிரவு எல்லாம் `notconnect`. எங்கள் கணினிகளில் கார்டை எழுப்பலுக்குத் தயார்படுத்தி விடுவது, விண்டோஸ் முறையாக அணையும்போது டிரைவர் செய்யும் வேலை. கரண்ட் முழுதாகப் போய் வந்தால் கார்டு அதை மறந்துவிடுகிறது. ஒரு தடவை ஓன் ஆகி அணைந்தால்தான் திரும்ப நினைவு வரும்.

பயோஸில் AC Recovery என்பதை Last State என்று வைத்திருந்தேன். புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்தது. கரண்ட் போகும்போது கணினி அணைந்திருந்ததால் "கடைசி நிலை" என்பதும் அணைந்த நிலைதான். அதனால் இப்போது Power On. கரண்ட் வந்ததும் எல்லாம் தானாக எழும்பும். ஒரு மணித்தியாலம் யாரும் உள்நுழையாவிட்டால் ஒரு ஸ்க்ரிப்ட் அணைத்துவிடும். அணையும்போது கார்டும் தயாராகிவிடும். ஒரு மாடி முழுக்க ஒரே நொடியில் எழும்பி பிரேக்கர் விழுந்துவிடுமோ என்று மின் வேலை செய்பவர் பயந்தார். இதுவரை விழவில்லை.

இப்போது இரவில் கோல் வந்தால் முதலில் பார்ப்பது போர்ட் நிலையைத்தான். `a-10` என்றால் பக்கெட் அனுப்புவேன். `notconnect` என்றால் அனுப்பிப் பயனில்லை, நேரத்தை வீணாக்குவதில்லை.

மூன்றாம் மாடியில் இரண்டு மடிக்கணினிகள் மட்டும் இந்தக் கணக்குக்குள் வரவில்லை. யூஎஸ்பி லேன் அடாப்டர், மூடியபடி மேசையில் கிடக்கும், அணைந்தால் அடாப்டருக்குக் கரண்டே இல்லை. அந்த இரண்டுக்கும் இன்னும் செக்யூரிட்டி ஐயாதான். பிழையானதை அமத்தாமல் இருக்க, இரண்டிலும் பெரிய சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்.