லேசர் லைட்டா, பவர்ஃபுல் டார்ச்சா: எங்க பையன் கைக்குக் குடுத்தது டார்ச்தான்

பையன் லேசர் லைட் வேணும்னு அடம் பிடிச்சான், நாங்க டார்ச் வாங்கிக் குடுத்தோம். விலையில லேசர் மலிவு, உபயோகத்துல டார்ச் மேல், அதுல பேச பெருசா ஒண்ணும் இல்ல. எங்களை முடிவு பண்ண வச்சது கண்ணுதான்.

டார்ச் வெளிச்சம் போகப்போக விரியும், கண்ணுக்குள்ள போனாலும் விழித்திரையில அகலமா பரவித்தான் விழும். கூசும், உடனே தலையைத் திருப்பிடுவோம், கொஞ்ச நேரம் திட்டுத்திட்டா தெரிஞ்சு சரியாயிடும். அதுக்குன்னு சில ஆயிரம் லூமன் டார்ச்சைக் கண்ணு கிட்டக்க வச்சு அடிக்க விடக்கூடாது, அதோட கண்ணாடி மேல கருப்புத் துணி பட்டா கருகவே செய்யும். அந்த அளவு டார்ச் நான் வச்சுப் பழகினதில்ல, அதனால அது பசங்க கைக்கே வேணாம்னு வச்சிருக்கேன்.

லேசர் அப்படி இல்ல. அந்தக் கதிர் கிட்டத்தட்ட விரியாமலே வரும், நம்ம கண்ணு லென்ஸே அதை மில்லிமீட்டர்ல நூத்துல ஓரிரு பங்கு அளவுப் புள்ளியா குவிச்சிடும். விழித்திரையில எழுத்து படிக்க உதவுற நடு இடத்துல அது விழுந்தா அந்த இடமே வெந்துபோகும், விழித்திரைக்கு வலி தெரியாதுங்கறதால பிள்ளை அழக்கூட அழாது. 1 மில்லிவாட்டுக்குள்ள இருந்தா கால் செகண்டுல கண்ணு தானா மூடிக்கிறதே காப்பாத்திடும், ஆனா ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற அளவை எப்படி நம்பறது? அமெரிக்க அரசோட அளவீட்டு நிறுவனமான NIST 2013-ல 122 லேசர் பாயிண்டரை அளந்து பாத்தப்போ பச்சை லேசர்ல கிட்டத்தட்ட 90 சதவீதம் பாதுகாப்பு விதியை மீறியிருந்துச்சு. மலிவான பச்சையில இன்னொரு ஆபத்தும் இருக்கு, உள்ள ஃபில்டர் இல்லேன்னா கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரும் சேர்ந்தே வரும், அதுக்குக் கண்ணு கூசாது, மூடவும் மூடாது.

ஸ்விட்சர்லாந்துல ஒரு 15 வயசுப் பையன், 2010-ல மருத்துவ இதழ்ல வந்த கேஸ். இன்டர்நெட்ல வாங்கின லேசரை வச்சு கண்ணாடி முன்னாடி லைட் ஷோ காட்டியிருக்கான், அது 150 மில்லிவாட். கண்ணாடியில பட்டுத் திரும்பின கதிர் ரெண்டு கண்ணுலயும் பல தடவை விழுந்து, இடது கண்ணால மூணு அடி தூரத்துல விரலை எண்ற அளவுக்குத்தான் பார்வை இருந்துச்சு.

அதனால எங்க வீட்டு ரூல் இதுதான்: லேசர் விளையாட்டு சாமானே இல்ல, யார் கிஃப்டா குடுத்தாலும் பெரியவங்க கைக்குப் போயிடும். டார்ச் குடுக்கலாம், முகத்துல அடிச்சா அன்னைக்கு வாங்கி வச்சிடுவோம். பைக் ஓட்டறவங்க மேலயும் அடிக்கக்கூடாது, ரெண்டு செகண்டு கண்ணு இருட்டினாலே வண்டி சாயும்.

ஒருவேளை லேசர் கண்ணுல பட்டுட்டா, ஒவ்வொரு கண்ணா மூடிட்டு ஜன்னல் கம்பியைப் பாக்கச் சொல்லுங்க. நேர்கம்பி வளைஞ்சு தெரிஞ்சாலோ நடுவுல கருப்பா, மங்கலா இருந்தாலோ கடையில சொட்டு மருந்து வாங்கிப் போட்டுட்டு இருக்காம விழித்திரை டாக்டர்கிட்ட அன்னைக்கே போயிடுங்க, விழித்திரையைப் படம் பிடிக்கிற ஓசிடி ஸ்கேன் எடுத்துப் பாப்பாங்க. கம்பி நேரா தெரிஞ்சாலும் பிள்ளைங்களுக்கு சரியா சொல்லத் தெரியாதுங்கறதால ஒரு தடவை காட்டிட்டு வர்றதுதான் நல்லது, அந்த லேசரையும் கையோட எடுத்துட்டுப் போங்க.