காலித் தெருவில் கூட்டம் சேர்ப்பது: கட்-அவுட், 3டி ஆட்கள், அதே இடத்தில் எடுத்த படம் – எது எங்கே தாங்கும்?

கும்பகோணத்தில் ஒரு சன்னதித் தெருவை எடுத்துக்கொள்வோம். வண்டி போகாத நடைத்தெருவாக மாற்றும் திட்டம். காலை ஆறரைக்கு, கிழக்கிலிருந்து மேற்கே கோபுரத்தைப் பார்த்து, ஒரு ஈ காக்கை இல்லாமல் எடுத்த படம் கையில் இருக்கிறது. கல் பாவிய புதிய தரையை வரைந்தாயிற்று. இனி ஜனங்கள் வேண்டும். வழி மூன்று: பின்னணி நீக்கிய கட்-அவுட் ஆட்களை ஃபோட்டோஷாப்பில் ஒட்டுவது, பிளெண்டரில் 3டி ஆட்களை நிறுத்தி ரெண்டர் செய்வது, அதே இடத்தில் முக்காலி வைத்து நிஜ மனிதர்களை எடுத்துச் சேர்ப்பது.

மூன்றையும் எடைபோட ஒரே அளவுகோல் போதும்: ஆளின் பாதத்துக்கும் அடிவானக் கோட்டுக்கும் உள்ள தூரம். உயரமும் அதிலிருந்துதான் வருகிறது, அசைவு மங்கலும் அதிலிருந்துதான் வருகிறது.

அடிவானத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு பக்கத் திண்ணைகளின் விளிம்புகளையும் ஓட்டுக்கூரைகளின் தாழ்வாரக் கோடுகளையும் நீட்டினால் அவை சந்திக்கும் புள்ளியின் உயரமே அடிவானம். நம் படம் 6000 × 4000 பிக்சல், அடிவானம் மேலிருந்து 2400-ல், கேமரா தரையிலிருந்து 1.5 மீட்டர், ஃபுல் ஃபிரேமில் 24 மி.மீ. லென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 1.65 மீட்டர் ஆளுக்குக் கணக்கு இது:

```
h = (y_foot - y_horizon) * 1.65 / 1.5
```

பாதம் 3300-ல் இருந்தால் ஆள் 990 பிக்சல் உயரம். கேமராவிலிருந்து சுமார் 6.7 மீட்டரில் நிற்கிறார். பாதம் 2700-ல் இருந்தால் 330 பிக்சல். 20 மீட்டர் தள்ளி நிற்கிறார். ஒரே உயரமுள்ள எல்லோருடைய தலையும் அடிவானத்தை ஒட்டியே வரும், பாதம் மட்டும் மேலும் கீழும் நகரும். பின்னால் நிற்பவரின் தலை முன்னால் நிற்பவரின் இடுப்பளவில் இருந்தால், அவர் குழந்தை என்றாலொழிய அது தவறு. மாடியிலிருந்து எடுத்த படமானால் 1.5-க்குப் பதில் அந்த உயரத்தைப் போட வேண்டும்; அப்போது எல்லாத் தலைகளும் அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிடும்.

இந்தக் கணக்குச் சமதரைக்குத்தான் பொருந்தும். டெல்டாவில் தெருக்கள் தட்டையாக இருப்பதால் அந்தக் கவலை குறைவு. இடறுவது திண்ணையில்தான். 60 செ.மீ. உயரத் திண்ணைமேல் நிற்பவரின் பாதம் கேமராவுக்கு 0.9 மீட்டர்தான் கீழே இருக்கிறது. ஆகவே 1.5-க்குப் பதில் 0.9-ஆல் வகுக்க வேண்டும். 20 மீட்டரில் அந்தத் திண்ணை விளிம்பு அடிவானத்துக்கு 180 பிக்சல் கீழே வரும். தரைக் கணக்கைப் போட்டால் ஆள் 198 பிக்சலில் குள்ளமாகிவிடுவார். சரியான உயரம் 330. படத்தைப் பார்ப்பவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது, ஆனால் வீடு பூதாகரமாகத் தெரியும். கட்டடத்தைக் காட்ட வந்த படத்தில் இது பெரிய சேதம்.

கட்-அவுட்டின் பலம் வேகம். நாற்பது பேரை ஒரு பிற்பகலில் நிறுத்திவிடலாம். ஆனால் உயரமும் மங்கலும் முழுக்க நம் கையில், அதனால் தவறும் நம் கையில்.

மங்கலைப் பார்ப்போம். விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் குறுக்கே நடப்பவர், 1/4 விநாடி எக்ஸ்போஷரில் 30 செ.மீ. நகர்வார். அது அவர் உயரத்தில் 18 சதவீதம். அருகில் 180 பிக்சல், 20 மீட்டரில் 60 பிக்சல். ஃபோட்டோஷாப்பின் `Motion Blur` ஃபில்டரில் எல்லோருக்கும் ஒரே `Distance` மதிப்பைக் கொடுத்தால் தூரத்தில் இருப்பவர் ஓடுவதுபோல் இழுபடுவார். ஸ்மார்ட் ஆப்ஜெக்டில் ஃபில்டர் போட்டுவிட்டு அதைச் சுருக்கினால் மங்கலும் சுருங்கும் என்று பலர் நம்புகிறார்கள். சுருங்காது, ஆள் சிறிதாவார், அதே பிக்சல் அளவு மங்கல் அப்படியே நிற்கும். ஃபில்டர் போட்டதை மறுபடி ஒருமுறை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிவிட்டுச் சுருக்கினால்தான் இரண்டும் சேர்ந்து குறையும்.

திசையும் முக்கியம். தெருவோடு நம்மை நோக்கி வருபவருக்குக் குறுக்கு மங்கல் கிடையாது. கை கால் மட்டும் லேசாகக் கலையும். குறுக்கே போகிறவருக்கும் உடல் முழுதும் ஒரே சீராக இழுபடாது. ஒரு அடி வைக்க ஏறக்குறைய அரை விநாடி ஆகிறது. ஆகவே 1/4 விநாடியில் ஊன்றிய கால் தரையில் கூர்மையாகவே பதியும், வீசும் காலும் தோளும்தான் கலையும். `Filter > Blur Gallery > Path Blur` போட்டு, ஊன்றிய பாதத்தை மாஸ்க் செய்து விலக்கினால் ஆள் நிலத்தில் நிற்பார். இல்லாவிட்டால் மிதப்பார். சேலையின் கீழ்விளிம்பு பாதத்தை மறைக்கும் இடத்தில் அந்த விளிம்பையே சற்றுக் கூர்மையாக விட வேண்டும்.

நிழலில் இந்தப் படத்துக்கு ஒரு சலுகை உண்டு. காலையில் வெயில் நமக்குப் பின்னால் இருப்பதால் நிழல்கள் கோபுரத்தை நோக்கி விழுந்து, பெரும்பாலும் ஆளுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். பாதத்தடியில் ஒட்டு நிழலை நன்றாகக் கொடுத்தால் கட்-அவுட் தாங்கிவிடும். அதே தெருவை மாலையில் எடுத்திருந்தால் நீண்ட நிழல்கள் நம்மை நோக்கி வரும், தட்டையான கட்-அவுட்டின் ஏய்ப்பு அங்கே வெளிப்பட்டுவிடும். இன்னொன்று, இணையத் தொகுப்புகளில் கிடைக்கும் கோட்டும் கம்பளிக் கழுத்துத்துணியும் போட்ட ஆட்கள் இந்தத் தெருவில் ஒட்டமாட்டார்கள். வேட்டி, சேலை, பள்ளிச் சீருடை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் பால்காரர் என்று நாமே எடுத்து வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

3டி ஆட்கள் விஷயத்தில் உயரக் கணக்கே தேவையில்லை. படத்தின் கோடுகளிலிருந்து கேமராவின் நிலையைக் கணிக்கும் fSpy மென்பொருளில் கேமராவைப் பொருத்திவிட்டால் ஆழம் தானே வரும். வெட்டிய படத்தை மட்டும் கொடுக்கக் கூடாது: லென்ஸின் மையம் படத்தின் நடுவில் இருப்பதாக அது எடுத்துக்கொள்வதால் ஆட்கள் சாய்வார்கள். தரையை `Shadow Catcher` ஆக்கி, `Film > Transparent` போட்டு ரெண்டர் செய்தால் நிழலோடு தனி லேயர் கிடைக்கும். மாலை வெயிலுக்கு இதுதான் சரியான வழி. மங்கலில்தான் ஏமாற்றம் வரும். போஸ் கொடுத்து உறைந்த ஆள் மங்கமாட்டார், நடை அனிமேஷன் இருக்க வேண்டும். `Shutter` 0.5 என்பது 24 fps-இல் 1/48 விநாடிதான். 1/4 விநாடி வேண்டுமானால் 6 கொடுக்க வேண்டும். அப்போது கால் வளைந்து வீசாமல் நேர்கோட்டில் இழுபடுவதுபோல் தெரிந்தால், அந்த ஆளின் மோஷன் பிளர் `Steps` எண்ணிக்கையை 3 அல்லது 4-க்கு ஏற்ற வேண்டும். பத்து மீட்டருக்கு உள்ளே 3டி முகங்கள் பொம்மையாகத் தெரியும். அதை மறைக்க மங்கலைக் கூட்டுவது பலனளிக்காது.

நிஜப் படம் எல்லாவற்றையும் தானே சரியாகக் கொடுக்கும். முக்காலியை அசைக்காமல் ஏழரை வரை காத்திருந்து, 1/250 விநாடி வரும் வெளிச்சத்தில், ஒளியை 64-இல் ஒரு பங்காகக் குறைக்கும் ND64 ஃபில்டர் மாட்டினால் அதே அபெர்ச்சரில் 1/4 விநாடி வரும். இருபது முப்பது ஷாட் எடுத்து வேண்டிய ஆட்களை மட்டும் மாஸ்க் செய்து ஏற்றலாம். வெயில் ஏறிவிட்டால் ஆறரை மணிப் படத்தோடு நிறம் ஒட்டாது. காலித் தெருவையும் அன்றே, ஆட்களுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளிகளைக் கோத்து எடுத்துக்கொள்வது நல்லது. புதிய தரையில் அவர்களின் நிழலைத் திரும்ப வரைய வேண்டியிருக்கும் என்பதுதான் குறை.

ஒரே ஒரு காலைப் படம் என்றால், பத்து மீட்டருக்கு உள்ளே நிஜ ஆட்கள் ஐந்தாறு பேர், அதற்கப்பால் கட்-அவுட் என்று கலப்பதே எங்கள் தேர்வு. கோணம் இன்னும் முடிவாகவில்லை, மூன்று நான்கு காட்சி வேண்டும் என்றால் 3டிக்குப் போங்கள். கேமரா நகரும் ஒவ்வொரு முறையும் நாற்பது பாதங்களை மறுபடி அளக்க வேண்டியிருக்காது.