எச்சரிக்கை: புது சிம்மில் வந்த பழைய எண்ணால் ரூ. 12,850 போனது

நேற்று மாலை ஐந்தாவது முறையாக ஒரு விற்பனைச் செயலியின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, "பணம் வெற்றிகரமாக அனுப்பப்பட்டுவிட்டது" என்ற அதே பதிலைக் கேட்டு, இணைப்பைத் துண்டித்த கையோடு இதை எழுதுகிறேன். பணம் அனுப்பப்பட்டது உண்மைதான். ஆனால் எனக்கு இல்லை. யாரென்றே தெரியாத ஒருவரின் வங்கிக் கணக்கில் என் 12,850 ரூபாய் போய் உட்கார்ந்திருக்கிறது.

நான்கு மாதங்களுக்கு முன் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கைப்பேசிக் கடையில் புதிய சிம் வாங்கினேன். கடைக்காரர் எண்களின் பட்டியலைக் காட்டினார். மனதில் எளிதாக நிற்கும் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்தேன். "இது யாராவது வெச்சிருந்த நம்பரா தம்பி?" என்று கேட்டேன். "இல்ல சார், புது நம்பர்தான், உங்க பேர்லதான் ஏறுது" என்றார். ஆதார் கொடுத்து, கைரேகை வைத்து, என் பெயரில் பதிவான எண் என்னுடையதுதானே என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில் பாதிதான் சரி என்பது இப்போது தெரிகிறது.

வாங்கிய முதல் வாரத்திலேயே, எனக்குக் கணக்கே இல்லாத ஒரு வங்கியிலிருந்து தவணை நினைவூட்டல் வந்தது. யாரோ ஒருவரின் பெயரைச் சொல்லிக் கேட்டு இரண்டு அழைப்புகளும் வந்தன. தவறான அழைப்புகள் என்று விட்டுவிட்டேன். அப்போதே விழித்திருக்க வேண்டும்.

பிறகு என் மகள் தையல் கற்றுக்கொள்கிறாள் என்பதால், மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் வாங்க, இணையத்தில் பொருள் விற்கும் ஒரு செயலியைத் திறந்தேன். எண்ணை இட்டேன், ஓ.டி.பி. வந்தது, இட்டதும் கடை திறந்துவிட்டது. பெயர், முகவரி எதையும் கேட்கவில்லை. மேலே வேறொருவரின் பெயர் தெரிந்தது. ஏதோ கோளாறு என்று நினைத்து, அந்தப் பெயரை அழித்து என் பெயரை எழுதி, என் முகவரியையும் சேர்த்தேன். நான் செய்த பெரிய தவறு இதுதான்.

இயந்திரம் வந்தது; கொண்டுவந்தவரிடம் 12,850 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தேன். இரண்டாம் நாளே மோட்டார் நின்றுவிட்டது. திருப்பி அனுப்புவதற்கான பக்கத்தில், பணம் வரவேண்டிய வங்கிக் கணக்கு முன்கூட்டியே நிரப்பப்பட்டிருந்தது. கடைசி நான்கு இலக்கங்களைத் தவிர மற்றவை புள்ளிகளாக இருந்தன. ரொக்கமாகக் கொடுத்த பணத்தை வந்த வழியிலேயே திருப்ப முடியாது என்பதால், செயலி தன்னிடம் ஏற்கெனவே சேமித்து வைத்திருந்த கணக்கையே எடுத்துக்கொண்டது. பொருளை எடுத்துச் செல்ல வந்த இளைஞர், "ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்க சார், பணம் தானா உங்க அக்கவுண்டுக்கு வந்துடும்" என்றார். சொன்னேன். அந்த நான்கு இலக்கங்களை என் பாஸ்புத்தகத்தோடு ஒப்பிட அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஒரு வாரம் கழித்து விசாரித்தபோது முதலில் எழுபத்திரண்டு மணி நேரம் பொறுக்கச் சொன்னார்கள். அடுத்த முறை, பரிமாற்றக் குறிப்பு எண்ணைக் கொடுத்து என் வங்கியில் கேட்கச் சொன்னார்கள்; என் வங்கியோ அப்படி எதுவும் வரவில்லை என்றது. மூன்றாம் முறை ஒரு பெண், அந்தக் கணக்கு யாருடையது என்பது வாடிக்கையாளரின் தனிப்பட்ட தகவல், சொல்ல இயலாது என்றார். "வாடிக்கையாளர் நான்தானேம்மா?" என்று கேட்டேன். பதிவில் என் பெயர்தான் இருக்கிறது என்றும், ஆகவே எந்தத் தவறும் நடக்கவில்லை என்றும் பதில் வந்தது. நான் பெயரை மாற்றியதே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது! பெயரை மாற்றினால் திரையில் தெரியும் எழுத்துதான் மாறும். அடியில் இருக்கும் வங்கிக் கணக்கு அப்படியே கிடக்கும். வங்கிப் பரிமாற்றமும் கணக்கு எண்ணை வைத்தே வரவு வைக்கப்படுகிறது, பெயரைப் பார்த்து அல்ல.

இது எப்படி நடக்கிறது என்பதை, தொலைத்தொடர்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் மைத்துனர் விளக்கினார். பத்து இலக்க எண்கள் வரம்புக்கு உட்பட்டவை என்பதால், கைவிடப்பட்ட எண்களை நிறுவனங்கள் மறுபடியும் சுற்றுக்கு விடுகின்றன. ப்ரீபெய்டு திட்டத்தில் உள்ள ஓர் எண் 90 நாள் பயன்படுத்தப்படாமல், போதிய இருப்புத் தொகையும் இல்லாமல் இருந்தால் அது துண்டிக்கப்படலாம். துண்டித்த பிறகு இன்னும் 90 நாள் அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது விதி. ஆக, ஒருவர் மறந்த எண் ஏறத்தாழ ஆறு மாதத்தில் இன்னொருவர் கைக்கு வந்துவிடலாம். இது சட்டப்படி சரியே. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கிலும், எண்ணை மறுபடி ஒதுக்குவதைத் தடுக்க நீதிமன்றம் முன்வரவில்லை.

கோளாறு இருப்பது மறுபக்கத்தில். எண் கைமாறியதைத் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒவ்வொரு செயலிக்கும் போய்ச் சொல்வதில்லை. நிரந்தரமாகத் துண்டிக்கப்பட்ட எண்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது; அதைப் பார்த்துத் தங்கள் பதிவேட்டைச் சரிசெய்யும்படி 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. பொருள் விற்கும் செயலி வங்கியல்ல. அதன் பதிவேட்டில் ஆளை அடையாளம் காட்டுவது அந்த எண் மட்டுமே. எண் ஏற்கெனவே இருந்தால் பழைய கணக்கைத் திறக்கும். இல்லாவிட்டால் புதிதாக ஒன்றை உருவாக்கும். இரண்டுக்கும் வாசல் ஒன்றே. ஓ.டி.பி. உறுதிசெய்வது இந்த நிமிடம் சிம் யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும்தான். நேற்று யார் வைத்திருந்தார் என்பது அதற்குத் தெரியாது. என் கணக்கு என்று நான் நினைத்ததற்குள், பழைய உரிமையாளர் தன் மின்னஞ்சல் வழியாக இன்றும் நுழைய முடியும் என்றும் மைத்துனர் சொன்னார்.

தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கேட்டால், எண் உங்களுடையது, செயலிக்கு நாங்கள் பொறுப்பல்ல என்கிறார்கள். செயலிக்காரர்கள் எண்ணைக் கொடுத்தவர்களைக் கேளுங்கள் என்கிறார்கள். பழைய உரிமையாளரின் திண்டிவனம் முகவரி கணக்கிலேயே இருந்தது. போய்ப் பார்த்தேன். வீட்டைக் காலி செய்து ஓர் ஆண்டு ஆகிறது என்றார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; எங்கிருந்தோ வந்த 12,850 ரூபாயை அவர் கவனித்தாரோ இல்லையோ. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறேன்.

விரிவாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் தொடங்கினேன், கோபத்தில் ஓடவில்லை. புதிய எண்ணால் எந்தச் செயலியில் நுழைந்தாலும், பெயர் கேட்காமல் அது திறந்தால் நின்றுவிடுங்கள். பழைய ஆர்டர்கள், முகவரிகள், சேமித்த வங்கிக் கணக்குகள் மூன்றையும் பாருங்கள். ஒன்று இருந்தாலும் பெயரை மாற்றாதீர்கள். படம் பிடித்துக்கொண்டு வெளியேறி, இந்த எண்ணைப் பழைய கணக்கிலிருந்து விடுவிக்கும்படி எழுத்தில் கேளுங்கள். வீட்டில் வேறொருவரின் யு.பி.ஐ. செயலியில் உங்கள் எண்ணைத் தேடிப் பாருங்கள். அந்நியப் பெயர் வந்தால் அந்த எண் இன்னும் யாருடைய வங்கியோடோ ஒட்டியிருக்கிறது. பழைய எண்ணைக் கைவிடுபவர்கள் அது உயிரோடு இருக்கும்போதே வங்கியிலும் செயலிகளிலும் மாற்றிவிடுங்கள், பிறகு ஓ.டி.பி. என்னைப் போன்ற ஒருவருக்குத்தான் வரும். பணம் திரும்பி வரவேண்டும் என்றால் கணக்கின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை, ரூ. 12,850.