ஏபிசி வகைப்பாடா, ஜஸ்ட் இன் டைம் கொள்முதலா?

தேர்வில் இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், கேள்வியே கொஞ்சம் கோணல்தான். ஏபிசி சரக்கிருப்பை ஆண்டு மதிப்புப்படி, அதிகமானது ஏ, நடுத்தரம் பி, குறைந்தது சி என்று பிரித்து, எந்தப் பொருளில் பணம் முடங்குகிறது என்று காட்டும். ஜஸ்ட் இன் டைம் எப்போது, எவ்வளவு வாங்குவது என்று சொல்லும்.

ஒரு ஆலைக்கு ஆண்டுக்கு 1,000 மோட்டார் தேவை, ஒன்றின் விலை 600 ரூபாய் என்று வைப்போம். 250 வீதம் 4 முறை வாங்கினால் சராசரி இருப்பு 125, மதிப்பு 75,000. இது ஏ வகை. 20 வீதம் 50 முறை வாங்கினால் இருப்பு மதிப்பு 6,000தான், 69,000 விடுபடுகிறது.

சரி, லாபமா? சரக்கை வைத்திருக்கும் செலவு ஆண்டுக்கு இருப்பு மதிப்பில் 20 சதவீதம் என்றால் மிச்சம் 13,800. ஆனால் கூடுதலாக 46 ஆர்டர்கள். ஒரு ஆர்டர் செலவு 300 ரூபாயைத் தாண்டினால் நஷ்டம். பல மாணவர்கள் இந்தக் கணக்கைப் போடாமலே பரிந்துரை எழுதிவிடுகிறார்கள்.

ஒரு ரூபாய் போல்ட், ஆண்டுக்கு 50,000? சி வகை. மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கினாலும் சராசரியாக முடங்குவது 6,250தான். அதை வாரந்தோறும் வாங்குவது வீண் வேலை. தீர்ந்துபோனால் உற்பத்தியும் நிற்கும்.

என் பரிந்துரை: ஏபிசியால் பிரித்து, மோட்டாருக்கு மட்டும் ஆண்டு ஒப்பந்தத்தின் கீழ் ஜஸ்ட் இன் டைம். சப்ளையர் அடிக்கடி தாமதித்தாலோ, தரச் சோதனையில் சரக்கு திரும்பினாலோ அதுவும் வேண்டாம். பாதுகாப்பு இருப்பு வைப்பதே மேல்.