15% தள்ளுபடியா, ₹799-க்கு மேல் டெலிவரி இலவசமா?

எங்கள் பொடிக் கடையின் விளம்பரத்தில் எந்த ஆஃபரைப் போடுவது என்று வீட்டுக்குள் ஒரு மாதம் சண்டை. கடைசியில் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்த்தோம். நான் இலவச டெலிவரி பக்கம் சாய்ந்துவிட்டேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கணக்கு எளிது. 200 கிராம் பாக்கெட் ₹200. அதில் சரக்கு, பேக்கிங் எல்லாம் சேர்த்து ₹90 போகிறது. கூரியருக்கு ஒரு கிலோ வரை ₹80, அதைத் தாண்டினால் ₹115. வாடிக்கையாளரிடம் டெலிவரிக்கு ₹60 வாங்குவோம். பெரும்பாலானவர்கள் மூன்று பாக்கெட் வாங்குவார்கள். ஆஃபரே இல்லாமல் அந்த ஆர்டரில் விளம்பரச் செலவுக்கு முன் ₹310 நிற்கும்.

அதே மூன்று பாக்கெட்டுக்கு 15% குறைத்தால் ₹90 போய் ₹220தான் மிஞ்சுகிறது. விலையில் 15% என்பது லாபத்தில் கிட்டத்தட்ட 29%. பழைய லாபத்தையே எடுக்க 100 ஆர்டருக்குப் பதில் 141 ஆர்டர் வர வேண்டும். கூடை பெரிதாக ஆக நாம் விடும் தொகையும் கூடிக்கொண்டே போகும்.

₹799 எல்லை வைத்தால் நான்கு பாக்கெட் வாங்குபவருக்குத்தான் டெலிவரி இலவசம். ₹60 விட்டுக்கொடுத்தும் அந்த ஆர்டரில் ₹360 நிற்கிறது. மூன்றோடு நிறுத்திக்கொண்டவர் வழக்கம்போல டெலிவரிக்குப் பணம் கட்டுகிறார், நமக்கு ₹310 அப்படியே. ஆஃபர் இல்லாமலே நான்கு வாங்கியிருப்பாரே, அவரிடம் மட்டும்தான் ₹60 நிஜமான நஷ்டம்.

சோதனையில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டியிருந்தது. ஒரு விளம்பரத்தில் வந்தவர் கண்ணில் மற்ற ஆஃபர் படக்கூடாது. அதனால் தளத்தின் பொது ஷிப்பிங் விதியைத் தொடவில்லை. ஷாப்பிஃபையில் இரண்டு கூப்பன் செய்து, இணைப்பிலேயே ஒட்டிவிட்டோம்:

```
/discount/PODI15
/discount/FREE799
```

இணைப்பை அழுத்தி வந்தவருக்குக் கூப்பன் தானாக விழும். படம், விலை எல்லாம் ஒன்றே, ஆஃபரைச் சொல்லும் வாக்கியம் மட்டும் வேறு. மெட்டாவின் ஏ/பி சோதனை மூலம் ஆட்களைப் பிரித்து, 14 நாளில் ஒவ்வொரு ஆஃபருக்கும் ₹14,000 செலவழித்தோம். முன்கூட்டியே பணம் கட்டிய ஆர்டர்கள் மட்டும்தான்.

தள்ளுபடிக்கு 128 ஆர்டர், இலவச டெலிவரிக்கு 103. விளம்பரத் திரையில் ஓர் ஆர்டருக்கான செலவு ₹109, ₹136 என்று காட்டியது. அதோடு நிறுத்தியிருந்தால் தள்ளுபடிதான் ஜெயித்தது என்று முடித்திருப்போம், வீட்டில் ஒருவர் முடித்தும்விட்டார். ஆனால் ஆர்டர் ஆர்டராக லாபத்தைக் கூட்டினால் கதை திரும்பியது. தள்ளுபடிப் பக்கம் சராசரி மூன்று பாக்கெட், மொத்தம் ₹28,160. மறுபக்கம் 45 பேர் நான்கு பாக்கெட், 12 பேர் ஐந்து, 26 பேர் மூன்று, 20 பேர் இரண்டு: மொத்தம் ₹33,480. விளம்பரச் செலவைக் கழித்தால் ₹14,160-க்கு எதிராக ₹19,480.

128-க்கும் 103-க்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம், இந்த அளவு ஆர்டரை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஓர் ஆர்டரில் எவ்வளவு நிற்கிறது என்பதில் எனக்கு அவ்வளவு சந்தேகம் இல்லை.

எல்லாமே எல்லையை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. இதற்கு முன் ₹499 என்று வைத்துப் பார்த்தோம். எப்படியும் மூன்று வாங்குபவருக்கு ₹60-ஐச் சும்மா கொடுத்ததுதான் மிச்சம், ₹310 என்பது ₹250 ஆனது. ₹999 வைத்தபோது இரண்டு பாக்கெட் கூட வாங்க வேண்டும் என்றதும் பலர் கைவிட்டார்கள். தாண்டியவர்களின் பார்சலும் டப்பாவோடு ஒரு கிலோவைத் தாண்டி அடுத்த கூரியர் கட்டணத்துக்குப் போனது. பழைய ஆர்டர்களை எடுத்து எந்தத் தொகையில் அதிகம் குவிகிறது என்று பாருங்கள். அதற்கு ஒரே ஒரு பொருள் மேலே, அதே எடைப் பிரிவுக்குள் எல்லை இருக்க வேண்டும். நான்கு பாக்கெட் 800 கிராம், டப்பாவோடும் ஒரு கிலோவுக்குள் அடங்கியதால்தான் ₹799 வேலை செய்தது.

துணிக்கடைக்கு இது அப்படியே பொருந்துமா என்று கேட்டால் தயங்குவேன். அங்கே எல்லையைத் தாண்ட ஒன்றைக் கூடச் சேர்த்து வாங்கி, அப்புறம் அதைத் திருப்பி அனுப்ப வழியிருக்கிறது. பொடியை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. தள்ளுபடியில் வந்தவர் முழு விலைக்கு மறுபடி வருகிறாரா என்றும் நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை.

தள்ளுபடியை முழுதாகக் கைவிடவும் இல்லை. காலாவதிக்கு ஆறு வாரம் இருக்கும் பொடிக்கு மட்டும் PODI15 இன்னும் ஓடுகிறது.