பொங்கலைப் பற்றிப் பேச்சு: சொற்களை முதலிலேயே காட்டலாமா, இடையிடையே தரலாமா?

வார இறுதித் தமிழ் வகுப்பில், வீட்டில் ஆங்கிலம் பேசும் பத்து வயதுப் பிள்ளை தைப்பொங்கலைப் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும். ஸ்லைடுகளை இரண்டு விதமாக அமைக்கலாம். பன்னிரண்டு சொற்களை முதல் ஸ்லைடில் பட்டியலிட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்குவது ஒன்று. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு ஸ்லைடு வைத்து, அதில் மூன்றே சொற்களைத் தருவது மற்றொன்று. என் கட்சி இரண்டாவதுதான்.

பட்டியலைத் தயாரிப்பது எளிது, ஆசிரியர் மதிப்பெண் போடவும் வசதி. ஆனால் பானை, பச்சரிசி, கரும்பு, இஞ்சிக்கொத்து என்று அது பெயர்ச்சொற்களாலேயே நிறைந்துவிடும். பிள்ளை திணறுவது பெயர்ச்சொல்லில் அல்ல, வினையில். பானை படத்திலேயே தெரிகிறது. அதில் பாலை என்ன செய்தோம் என்று சொல்லும்போதுதான் வாய் நின்றுவிடும். 'போடு' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், 'கட்டினோம்' என்பதைப் பார்த்து 'போடினோம்' என்று சொல்லிவிடும். அதனால் கோலத்துக்குப் 'போட்டோம்', பாலுக்கு 'ஊற்றினோம்', இலைக்கு 'வைத்தோம்' என்று இறந்தகால வடிவத்தையே ஸ்லைடில் எழுத வேண்டும்.

காட்சி முறையில் போகி முதல் காணும் பொங்கல் வரை நான்கு நாளையும் அடக்கப் பார்க்காதீர்கள்; நாளுக்கு இரண்டு வாக்கியம்தான் தேறும். தைப்பொங்கல் காலையை மட்டும் எடுத்து, தலைப்பு, கோலம், பானை, படையல், எனக்குப் பிடித்தது என்று ஐந்து ஸ்லைடு போதும். அவற்றில் பானைக்கு மட்டும் ஒரு முழு நிமிடம் கொடுங்கள்.

அந்தப் பானை ஸ்லைடில் மஞ்சள் கொத்துக் கட்டிய பானையின் படம், அதன் கீழே பெரிய எழுத்தில் 'கட்டினோம், ஊற்றினோம், பொங்கியது'. வேறெதுவும் வேண்டாம். 'பானையில் மஞ்சள் கொத்துக் கட்டினோம். பால் ஊற்றினோம். பால் பொங்கியது. பொங்கலோ பொங்கல் என்று கத்தினோம்' என்பதைப் பிள்ளையே கட்டிச் சொல்லும். '-இல்' என்ற உருபை எழுதித் தராமல் விடுவது வேண்டுமென்றேதான். பயிற்சியே அங்கேதான் இருக்கிறது. முழு வாக்கியத்தையும் எழுதிவிட்டால் பிள்ளை வகுப்புக்கு முதுகைக் காட்டித் திரையை வாசிக்கும். ஒத்திகையில் கண் திரையிலேயே நின்றால் இன்னும் ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள். 'நாங்கள் பொங்கியது' என்று வந்தால் வினையை யாரோடு சேர்ப்பது என்பதில் குழப்பம். 'பால்' என்பதையும் பொங்கியதற்கு முன்னால் சேர்த்து எழுதினால் போதும்.

கேட்பவர்கள் எல்லாருமே புதிதாகத் தமிழ் தொடங்கியவர்கள் என்றால் பட்டியலுக்கும் இடம் உண்டு. முன்பே சொல்லைப் பார்க்காவிட்டால் அவர்களுக்குப் பேச்சே புரியாமல் போகலாம். அப்போதும் நான்கைந்து சொற்களுக்கு மேல் வேண்டாம். பெரியவர்கள் வகுப்பில் வினைச் சிக்கல் இவ்வளவு இருக்குமா என்பதில் என் கருத்து அத்தனை உறுதியானதல்ல. முழுப் பட்டியலை ஆசிரியர் கட்டாயம் கேட்டால் கடைசி ஸ்லைடாக வையுங்கள். வினைகளை மறைத்துவிட்டு, 'பாலை என்ன செய்தோம்?' என்று பேசிய பிள்ளையே வகுப்பைக் கேட்கலாம்.